ப்ரொஃபைல் சொல் வேறு, அலர்ட் சொல் வேறு

“லிங்க்ட்இன் ப்ரொஃபைலில் அக்கவுன்ட்ஸ் ரிசீவபிள்னு போட்டாச்சுன்னா போதும், பொருத்தமான வேலை அலர்ட் தானா வரும்.”

அண்ணா, பாதிதான் சரி. ப்ரொஃபைல் சொல், ஆள் தேடும் நிறுவனத்துக்கு உங்களைக் காட்டும். அலர்ட் ஓடுவது நீங்கள் தேடிச் சேமித்த சொல்லையும் ஊரையும் வைத்து.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் தங்கையும் உங்களைப் போலத்தான் நம்பியிருந்தாள். மூன்று வாரத்தில் இரண்டே மெயில். உட்கார்ந்து டர்பன், பைன்டவுன் விளம்பரங்களைப் படித்தோம். அதே வேலையை இங்கே பலர் டெப்டர்ஸ் கிளார்க் என்றே போடுகிறார்கள். லிங்க்ட்இன் தேடலை இப்படி மாற்றினோம்:

```
"debtors clerk" OR "accounts receivable"
```

OR பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மேற்கோள் குறி நேராக இருக்க வேண்டும். போனில் வளைந்த குறி விழுந்தால் வேலை செய்யாது. ஊர் டர்பன் என்று வைத்து, முதல் பக்கத்தில் வருபவை உங்கள் வேலைதானா என்று பார்த்த பிறகே அலர்ட்டைப் போடுங்கள். வெறும் கடன் வசூல் கால்சென்டர் வேலையாக வந்தால், மேலே உள்ள வரி முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, அதற்கு வெளியே கடைசியில் NOT collections சேருங்கள். அப்புறம் பழைய அலர்ட்டை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் வந்துகொண்டே இருக்கும்.

மேலே “ப்ரொஃபைல் வீண்” என்ற தம்பிக்கு: வீண் இல்லை. செய்த வேலைதான் என்றால் டெப்டர்ஸ் கிளார்க் என்பதை அங்கேயும் எழுதுங்கள்.

மொரிஷியஸ் அக்கா, உங்கள் ஊரில் பிரெஞ்சு விளம்பரமும் வருமே, கணக்காளரைக் குறிக்கும் comptable என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு அலர்ட் வைத்துப் பார்த்தீர்களா?