வழுவா வரமும் பிரெஞ்சுப் படையும்

கோட்பாட்டை வரையறுக்கும்போது பாப்பரசர் தவறமாட்டார் என்ற வழுவா வரம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். பாப்பரசர் எதைச் சொன்னாலும் தவறே இருக்காது என்று கத்தோலிக்கர்கள் நம்புவதாகக் கேலி செய்பவர்கள் ஒரு பக்கம். ஆதியிலிருந்தே எல்லோரும் ஏற்றிருந்ததைத்தான் 1870இல் எழுதி வைத்தார்கள், அதில் அரசியலே இல்லை என்பவர்கள் இன்னொரு பக்கம். அதை எழுதி வைத்த ஆயர்களின் கூட்டமான முதலாம் வத்திக்கான் சங்கத்தின் கடைசி வாரத்தை மட்டும் படித்தால் போதும், இரண்டுமே நிற்காது.

சங்கம் 1869 டிசம்பர் 8இல் தொடங்கியது. ஏறத்தாழ 700 ஆயர்கள். அப்போதைய பாப்பரசர் ஒன்பதாம் பயஸ் ஓர் அரசரும்கூட. ஆனால் அவருடைய நாட்டின் பெரும்பகுதி 1860லேயே கைவிட்டுப் போய்விட்டது. எஞ்சிய ரோமையும் சுற்றுப்புறத்தையும் இத்தாலியிடமிருந்து காத்து நின்றது பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் படை. அதாவது, பாரிஸ் நினைத்திருந்தால் சங்கத்தையே ஆட்டம் காண வைத்திருக்கலாம்.

அரசுகள் முயலாமல் இல்லை. பவேரியப் பிரதமர் ஹோஹென்லோஹே 1869 ஏப்ரலிலேயே, சங்கத்துக்கு எதிராக ஒன்றுசேரலாம் என்று மற்ற அரசுகளுக்கு எழுதினார். லண்டனில் பிரதமர் கிளாட்ஸ்டனும் கவலைப்பட்டார். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாரு ரோமுக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பினார். ஆனால் படையைத் திரும்ப அழைத்தால் உள்நாட்டுக் கத்தோலிக்கர்களின் ஆதரவு போய்விடும் என்ற பயம் பாரிசுக்கு. தாருவும் ஏப்ரலில் பதவி விலகினார். இந்த மிரட்டல்களால் நடந்தது ஒன்றுதான் என்பது என் கணிப்பு: எதிர்த்துப் பேசும் ஆயர்கள் எல்லாம் அரசுகளின் ஆட்கள்போலத் தெரிந்தார்கள்.

அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. மைன்ஸ் ஆயர் கெட்டலர், ஓர்லேயான் ஆயர் துப்பான்லூ, பாரிஸ் பேராயர் தார்புவா போன்றவர்கள் அவர்கள். பலர் "கொள்கை தவறு" என்று சொல்லவில்லை, "இப்போது வேண்டாம்" என்றார்கள். ஜெர்மானிய ஆயர்களுக்கு, கத்தோலிக்கர்களை அந்நிய மன்னரின் விசுவாசிகளாகப் பார்க்கும் அரசுகளின் கீழ் திரும்பிப்போய் வாழவேண்டுமே! ரோட்டன்பர்க் ஆயர் ஹெஃபலேயின் தடை வேறு. பொதுச்சங்கங்களின் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதியவர் அவர். ஏழாம் நூற்றாண்டுப் பாப்பரசர் ஹொனோரியுஸை ஒரு பொதுச்சங்கமே கண்டித்திருக்கிறதே, அதற்கு என்ன பதில் என்று கேட்டார்.

உள்ளேயும் அழுத்தம் குறைவில்லை. திருச்சபை பற்றிய வரைவில் பின்னால் வரவேண்டிய இந்தப் பொருளை முன்னுக்கு இழுத்தார்கள். ஜூன் 18 அன்று கர்தினால் குய்தி நடுவழி ஒன்று சொன்னார்: பாப்பரசர் தனியாளாக அல்ல, ஆயர்களைக் கலந்து, மரபை ஆராய்ந்து வரையறுக்கும்போதுதான் அந்த வரையறை வழுவாதது. அன்றே பயஸ் அவரைக் கூப்பிட்டுக் கடிந்தார். "மரபு நானே" என்று அப்போது அவர் சொன்னதாகத்தான் அந்தக் கால ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி கடைசி வாரம். ஜூலை 13 சோதனை வாக்கெடுப்பில் ஆதரவு 451, எதிர்ப்பு 88, திருத்தம் கோரியவர்கள் 62. ரோமில் இருந்தும் வராதவர்கள் வேறு. 15ஆம் தேதி எதிர்ப்பாளர்களின் தூதுக்குழு பயஸைப் பார்த்தது. திருச்சபையின் சாட்சியத்தைச் சார்ந்தே பாப்பரசர் வரையறுக்கிறார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்றார்கள். கெட்டலர் மண்டியிட்டே கேட்டார். மறுநாள் வரி சேர்ந்தது, நேர் எதிராக! பாப்பரசரின் வரையறைகள் தம்மாலேயே மாற்ற முடியாதவை, திருச்சபையின் இசைவால் அல்ல என்று. பாப்பரசரின் தீர்ப்பு திருச்சபை இசைந்தால்தான் இறுதி என்று 1682இல் பிரெஞ்சு ஆயர்கள் அறிவித்திருந்த கொள்கைக்கு வைத்த முற்றுப்புள்ளி அது.

அப்புறம்தான் எனக்கு இன்றும் புரியாத முடிவு. இருந்து எதிர்த்தே வாக்களிப்போம் என்ற பேச்சும் அவர்களிடையே இருந்தது. ஆனால் பாப்பரசரின் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்வது மரியாதை ஆகாது என்று 55 பேர் கடிதம் எழுதி வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போனார்கள். ஜூலை 18, இடியும் மழையுமாக இருந்த காலை, 533 ஆதரவு, 2 எதிர்ப்பு. அந்த இருவரும் அங்கேயே பணிந்தார்கள். 88 பேரும் இருந்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்காதுதான். ஆனால் ஆயர்களில் ஒரு கணிசமான பகுதி ஏற்கவில்லை என்பது அந்தப் பொது அமர்விலேயே பதிவாகியிருக்கும்.

ஆனாலும் அவர்களுடைய சண்டை வீண் என்று சொல்லமாட்டேன். இறுதி வாசகத்தின் வேலிகளைப் பாருங்கள்: எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் ஆசிரியராக, தம் உச்ச அதிகாரத்தால், விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு கோட்பாட்டை முழுத் திருச்சபையும் ஏற்கவேண்டியதாக வரையறுக்கும்போது மட்டும். பாப்பரசரின் ஒவ்வொரு சுற்றுமடலும் வழுவாதது என்று ஆசைப்பட்டவர்களுக்கு இது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த முறையில் ஐயமில்லாமல் வரையறுக்கப்பட்டது ஒன்றே ஒன்று, 1950இல் மரியாவின் விண்ணேற்பு.

வாக்கெடுப்புக்கு மறுநாள் பிரான்ஸ் பிரஷ்யா மீது போர் அறிவித்தது. எந்த அமைச்சரும் எடுக்கத் துணியாத முடிவைப் போர் எடுத்தது: பிரெஞ்சுப் படை ரோமைவிட்டுக் கிளம்பியது. செப்டம்பர் 20 அன்று இத்தாலியர் போர்த்தா பியா வாயிலருகே ரோமின் மதிலை உடைத்து நுழைந்தார்கள். அக்டோபரில் சங்கம் காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது. ஆயர்களின் அதிகாரம் பற்றிப் பேசவேண்டிய மீதிப் பகுதி அப்படியே நின்றுபோனது. அதைப் பேசி முடிக்க 1960கள் வரை, அடுத்த வத்திக்கான் சங்கம் வரை ஆனது.