நடுவுள்ளவன் பார்த்துக்குவானா?

"அவன் பொறுமைசாலி, நடுவுள்ளவன் பார்த்துக்குவான்." இந்தப் பேச்சை இனிமே எவனாவது என் முன்னாடி பேசினா நான் சும்மா இருக்கப்போறதில்ல.

அண்ணன் சிங்கப்பூர், தம்பி சென்னை, நான் காரைக்குடி. அதனால எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பொதுவான, பூட்டிக்கிடக்கிற வளவு வீட்டுச் சாவி என்கிட்ட. போன மழையில ரெண்டாங்கட்டுல நாட்டு ஓடு சரிஞ்சு, தண்ணி இறங்கி, அடியில இருக்கிற ரீப்பர் சட்டம் மெத்துமெத்துன்னு ஆயிருச்சு. குரங்கு ஏறி மிதிச்சா ஓடு நகரும், வேப்பஞ்சருகு அடைச்சா தண்ணி திரும்பி உள்ள வரும். செவத்துல பழுப்பா கோடு இறங்குறப்பவே ஆள் ஏத்தலேன்னா அடுத்த வருஷம் உத்தரமே போயிரும். அதைப் பார்க்க ஊர்ல இருக்கிறது நான் ஒருத்தன்.

செலவு 48,000. பெரியப்பா வகைக்குப் பாதி, எங்க வகைக்குப் பாதி. எங்க 24,000-ஐ மூணாப் பிரிச்சா ஆளுக்கு 8,000. வாட்ஸ்அப்ல போட்டேன். அண்ணன் "செஞ்சிரு"ன்னான். தம்பி கட்டைவிரலைக் காட்டினான். பெரியப்பா மகன் பார்த்துட்டு விட்டுட்டார். கொத்தனாருக்கு சனிக்கிழமை கூலி குடுத்தாகணுமே! மொத்தமும் நான் குடுத்தேன். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு எல்லாரும் வந்து, புது ஓட்டுக்குக் கீழ உக்காந்து சாப்பிட்டுப் போனாங்க. அண்ணன் பணமும் தம்பி பணமும் அப்பறமும் வரல. அண்ணனைக் கேட்டா, "காசுக்காகப் பேசுறியா?"ங்கிறான்.

இது எங்க ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியும். அண்ணனோட சண்டைன்னா ஆத்தா, "அவன் மூத்தவன், எதுத்துப் பேசாதே"ம்பாக. தம்பியோட சண்டைன்னா, "சின்னப் பிள்ளை, குடுத்துரு"ம்பாக. அண்ணன் ஒண்ணைத்தான் கேட்டான், தம்பி எதையுமே கேக்கல. ரெண்டையும் கேட்டு வளர்ந்தது நான் மட்டும். அதைப் பழக்கிவிட்டுட்டு, அதுக்குக் குணம்னு பேர் வச்சுட்டாங்க.

2015-ல அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில 20,000 பேருக்கு மேல வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. எத்தனையாவதா பொறந்தோங்கிறதுக்கும், ஒருத்தர் அனுசரணையானவரா, பொறுப்பானவரா, மனசு நிதானமானவராங்கிறதுக்கும் சம்பந்தம் தெரியல. அறிவுத்திறன்லதான் சின்ன வித்தியாசம். எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல. என் கடையில வேலை செய்யுற பையங்களைக் கேளுங்க, என்னை ஒருத்தனும் பொறுமைசாலின்னு சொல்ல மாட்டான். வளவு வாசப்படி ஏறினாத்தான் நான் பழைய நடுவுள்ளவன். அங்கே வாயைத் திறந்தா, "உனக்கு என்னடா ஆச்சு?"ன்னு அதிசயமா பாக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல!

ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கு. மேலப்பத்தி ஓடு இப்பவே சரிஞ்சு கிடக்கு. இந்தத் தடவை கணக்கு நோட்டைத் தம்பி வாங்கிக்கட்டும், கொத்தனார்கிட்ட அண்ணன் போன்ல பேசட்டும். பழைய பாக்கியும் புதுப் பங்கும் ரெண்டு பேர்கிட்டயும் இருந்து என் கணக்குல ஏறினப்பறம்தான் பூட்டைத் திறந்துவிடுவேன்.