ரசீது மட்டும் ஏலத்தை நிறுத்தாது

“ஏல நோட்டீஸ் வந்தா பயப்படாதீங்க. கொஞ்சம் பணம் கட்டி ரசீது வாங்கிட்டா போதும், ஏலம் தானா நின்னுடும்.”

இங்கே மலேசியாவில் அடகுக் கடையில் வெச்ச நகையைப் பத்தி இப்படி எழுதியிருக்கிற அண்ணே, நீங்க சொன்னது பாதி சரி. ஏலத்தில் விற்கும் வரை நகையை மீட்கலாம், அது உண்மை. ஆனா ரசீது பணம் வந்ததைத்தான் காட்டும். ஏலப் பட்டியலிலிருந்து உங்க அடகுச் சீட்டு எண்ணை எடுத்தாங்களா என்பது வேற கேள்வி.

சுங்கை சிப்புட்டில் எங்க பக்கத்து வீட்டு அக்கா 3,000 வெள்ளிக்குச் சங்கிலி வெச்சாங்க. மாசம் 2% வட்டி, ஏழு மாசத்தில் 420. நோட்டீஸோட போய் 1,000 கட்டினாங்க. வட்டி போக 580 அசலில் கழிஞ்சது, பாக்கி 2,420. கல்லாவில் இருந்தவர் “சரி சரி” என்றார், அவ்வளவுதான். அக்காவுக்குச் சந்தேகம். மறுநாள் திரும்பப் போய், “28ஆம் தேதி சம்பளம், அன்னிக்கே மீதியைக் கட்டுறேன், எழுதிக் கொடுங்க” என்று முதலாளியிடமே கேட்டாங்க. அவர் பழைய சீட்டை வாங்கிட்டு, 2,420க்குப் புதுச் சீட்டே போட்டுக் கொடுத்தார். அதுதான் பிடிமானம்.

“சம்பளம் வந்ததும்” என்று இழுத்தா யாரும் கேக்க மாட்டாங்க. தேதி, தொகை இரண்டையும் சொல்லணும், ஏல நாளுக்கு முன்னாடியே போகணும். அப்பவும் மறுக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. எங்க அக்காவுக்குக் கிடைச்சது எல்லாருக்கும் கிடைக்குமான்னு சொல்ல முடியாது.

இதே பேச்சில் இன்னொரு தம்பி, இந்தியாவில் வங்கி நகைக்கடனை எப்படி நீட்டிச்சார்னு எழுதியிருக்கார். அது வேற சட்டம் தம்பி, இங்கே அடகுக் கடைச் சட்டம் 1972. ஏலத்தில் கடன், வட்டி, செலவு போக மிச்சம் வந்தா, அதைக் கேட்டு வாங்கிக்கலாம். கேக்காம விட்டுடாதீங்க.