எஞ்சினைப் பார்த்து எடுங்கள்

“இணையதளத்தைச் சோதித்துப் பார்க்க மூன்று சாதனங்களுக்குத்தான் பணம் இருக்கிறது. எதை எடுப்பது?”

பிரவுசர் பெயரை விடுங்கள், உள்ளே பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சினைப் பாருங்கள். குரோம், எட்ஜ், ஓபரா எல்லாமே பிளிங்க். ஒன்றில் பார்த்தால் பெரும்பாலும் போதும். நம் ஊர் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே சஃபாரியின் வெப்கிட்தான். ஆகவே பழைய ஐபோன் ஒன்று, விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஒன்று, அப்புறம் உங்கள் கணினி. பயர்பாக்ஸ் அதிலேயே இலவசம்.

ஐபோனை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் செக்கவுட் பக்கம் குரோமின் மொபைல் மோடில் சரியாகவே இருந்தது. நிஜ ஐபோனில் ‘பணம் செலுத்து’ பொத்தான் சஃபாரியின் கீழ்ப்பட்டைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. 100vh என்றால், பட்டை சுருங்கியபின் கிடைக்கும் முழு உயரத்தையே சஃபாரி எடுத்துக்கொள்கிறது. அந்தந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் உயரத்தை எடுக்கும் dvh-ஐ இப்படிச் சேர்த்தோம்:

```css
height: 100vh;
height: 100dvh;
```

சஃபாரி 15.4-க்கு முந்தையவற்றுக்கு dvh தெரியாது. அங்கே முதல் வரிதான் வேலை செய்யும், பொத்தானைப் பார்க்க ஸ்க்ரோல் செய்யவேண்டி வரும்.