ரீஃபண்டுக்கு ஒரு பட்டன் போதுமாம்!

“காசைத் திருப்பி அனுப்ப ஒரு பட்டனை அமுக்கினால் போதாதா, அதற்கு ஏன் இத்தனை நாள்?” என்று கேட்பவர்கள் எல்லோரும் ஒரு மாதக் கடைசியில் என் நாற்காலியில் வந்து உட்காருங்கள். கரூரிலிருந்து பெட்ஷீட், துண்டு விற்கும் ஆன்லைன் கடை எங்களுடையது. விற்பது கூட எளிது. விற்றது திரும்பி வருகிறதே, அதுதான் உயிரை எடுக்கிறது.

ஒரே ஒரு ஆர்டரைச் சொல்கிறேன். பெங்களூர் வாடிக்கையாளர். 1,500 ரூபாய்க்கு ஒரு பெட்ஷீட், 500 ரூபாய்க்கு ஒரு துண்டு செட். ‘2,000க்கு வாங்கினால் 200 தள்ளுபடி’ கூப்பன் போட்டு 1,800 கட்டினார். துண்டின் நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார். அனுப்பட்டும், அது அவர் உரிமை. எவ்வளவு திருப்பித் தருவது?

500 இல்லை, 450. கூப்பனின் 200 ரூபாயை விலை விகிதத்தில் பிரித்தால் பெட்ஷீட்டுக்கு 150, துண்டுக்கு 50. அந்தத் துண்டுக்கு அவர் உண்மையில் கொடுத்தது 450தான். “என்ன சார், 500 ரூபாய் துண்டுக்கு 450 அனுப்பியிருக்கீங்க, 50 ரூபாயை அமுக்கிட்டீங்களா?” என்று போனில் சண்டை. பெட்ஷீட் மட்டும் வாங்கியிருந்தால் கூப்பனே கிடைத்திருக்காது, அந்த 150ஐ நாங்கள் திருப்பிக் கேட்கவா செய்தோம்?

வாடிக்கையாளரையாவது பேசிப் புரியவைக்கலாம். மாதாமாதம் காசு வாங்கும் பில்லிங் மென்பொருளுக்கு என்ன சொல்வது? ரிட்டர்ன் என்று அழுத்தினால் அது பட்டியல் விலையை எடுத்து, விற்பனையில் இவ்வளவு குறைகிறது என்று காட்டும் கிரெடிட் நோட்டை 500க்குப் போடுகிறது! 450க்குப் போட்டால், 5 சதவீத வரி உள்ளடங்கிய விலை என்பதால், சரக்கு மதிப்பு 428.57, வெளிமாநில விற்பனைக்கான வரியான ஐஜிஎஸ்டி 21.43. 500க்குப் போட்டால் வரி 23.81. கட்டாத வரியையும் சேர்த்துக் கழித்துக்கொண்டதாகக் கணக்கு நிற்கும். இரண்டு ரூபாய் சொச்சம்தானே என்று விட்டால் வருடக் கடைசியில் ஆடிட்டர் முன்னால் நிற்கப்போவது அந்த மென்பொருளா, நானா? உங்கள் மென்பொருளும் இப்படித்தானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கூப்பன் போட்ட ஓர் ஆர்டரில் எல்லாப் பொருளும் திரும்பி வந்ததாக வைத்துக் கிரெடிட் நோட்டுகளைக் கூட்டுங்கள். 1,800 வர வேண்டிய இடத்தில் 2,000 வந்தால் முடிந்தது கதை.

அப்புறம் இந்த “பழைய பில்லையே கேன்சல் பண்ணிடுங்களேன்” என்கிற இலவச ஆலோசனை. பில் போட்டது போன மாதம் 28ஆம் தேதி. இந்த மாதம் 11ஆம் தேதிக்குள் போன மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் ஆகிவிட்டது. துண்டு வந்து சேர்ந்தது 14ஆம் தேதி. தாக்கல் செய்த பில்லை எப்படி அழிப்பது? அதற்குத்தான் ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவு கிரெடிட் நோட் என்று ஒன்றை வைத்திருக்கிறது. தனி எண், தனித் தேதி போட்டு, எந்தப் பில்லுக்கு என்று குறிப்பிட்டு, கர்நாடக விற்பனையில் இந்த மாதம் கழிக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 தாண்டினால் அந்த வரியைக் குறைக்கவும் முடியாது. பில்லை அழித்துவிட்டால் நடுவில் ஓர் எண் காணாமல் போய் அதற்கு வேறு விளக்கம் எழுத வேண்டும்.

சரி, இதெல்லாம் முடித்துக் காசை அனுப்பினேன். நான்காம் நாள் மறுபடியும் போன், “பணம் வரல.” கார்டில் கட்டினால் திரும்பிப் போக ஐந்து முதல் ஏழு வேலை நாள் ஆகும். அனுப்பியதற்குச் சாட்சியாக ஏஆர்என் என்று ஒரு 23 இலக்க எண் வரும். அதைக் கொடுத்து உங்கள் வங்கியில் கேளுங்கள் என்றால், “நான் ஏன் கேட்கணும்?” என்கிறார். எங்களிடமிருந்து பணம் போய்விட்டது, இனி அது எங்கே நிற்கிறது என்று அவருடைய வங்கிக்குத்தான் தெரியும். இதை எத்தனை முறைதான் சொல்வது?

இதற்கிடையில் பேமென்ட் கேட்வே தன் பங்கை மட்டும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறது. ரீஃபண்ட் 450ஐ அடுத்த நாள் வசூலில் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவதால், வங்கியில் விழுந்த தொகை எந்த நாள் விற்பனையோடும் ஒத்துப்போகாது. முதலில் பிடித்த 2 சதவீதக் கமிஷனோ திரும்பாது. விற்காத துண்டுக்கு 9 ரூபாய் கமிஷன், வரவும் போகவும் கூரியர் செலவு, எல்லாம் எங்கள் தலையில். இவ்வளவுக்கும் பிறகு கடைக்கு ஒரு ஸ்டார் ரேட்டிங், ‘ரீஃபண்ட் லேட்’ என்று.