விக்ளிஃப் எரிக்கப்பட்டாரா?

"பைபிளை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததற்காக ஜான் விக்ளிஃபை உயிரோடு எரித்தார்கள்."

தவறு. இங்கிலாந்தின் குருவும் இறையியலாளருமான விக்ளிஃப், 1384 டிசம்பர் இறுதியில், லட்டர்வொர்த் ஊர்த் தேவாலயத்தில் வழிபாட்டின்போது பக்கவாதம் தாக்கி, சில நாளில் இறந்தார். உயிரோடு இருந்தபோது அவரை ஏன் எரிக்கவில்லை? பாவம் செய்யும் குருமாரின் சொத்தை அரசு பறிக்கலாம் என்றவர் அவர். பிரபுக்களுக்கு அது இனிக்காமல் இருக்குமா? இளவரசர் ஜான் ஆஃப் கான்ட் அவருக்குத் துணைநின்றார். மதவிரோதிகளை எரிக்கும் சட்டமே இங்கிலாந்தில் 1401-ல்தான் வந்தது.

சரி, எரித்த கதை எங்கிருந்து வந்தது? 1415-ல் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அவரை மதவிரோதி என்று அறிவித்தது. 1428-ல் லிங்கன் ஆயர் ஃபிளெமிங் விக்ளிஃபின் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்து, சாம்பலை ஸ்விஃப்ட் ஆற்றில் கொட்டவைத்தார்.

அதே சங்கம் 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரித்தது, செக் மொழியில் பிரசங்கித்த யான் ஹுஸை. அவரைப் பின்பற்றியோருக்கு எதிரான போர்கள் இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவில் 1419 முதல் 1434 வரை நீண்டன.