எலிப்டிகலில் போன 10 கி.மீ., ஓட்டத்தில் எத்தனை கி.மீ.?

ஓட்டக்காரர்கள் இருக்கும் குழுக்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படுவது, நின்றபடி பெடலை மிதிக்கும் எலிப்டிகல் மெஷினின் திரையைப் படம் பிடித்துப் போடும் பதிவுகள். "45 நிமிடம், 10 கி.மீ. முடித்தாச்சு" என்று ஒருவர் போடுவார். கீழே ஐம்பது கைதட்டல். அதே ஆள் மைதானத்தில் 45 நிமிடம் ஓடினால் ஆறரை கிலோமீட்டர் தாண்டமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், கைதட்டுபவர்களுக்கும் தெரியும். உழைப்பில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை, வியர்வை நிஜம். அந்தத் திரை காட்டும் கிலோமீட்டரோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். டிரெட்மில்லில் பெல்ட் நிஜமாகவே நகர்கிறது. பெல்ட் எத்தனை மீட்டர் ஓடியதோ அத்தனை மீட்டர் உங்கள் காலடியில் போயிருக்கிறது. சரியாக அளவு திருத்தாத மெஷினில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் அளக்க ஒரு பொருள் இருக்கிறது. எலிப்டிகலில் எதுவும் எங்கும் போவதில்லை. பெரும்பாலான மெஷின்களில் உள்ளே சுழலும் சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தம் ஒட்டியிருக்கும், பக்கத்தில் ஒரு சென்சார் இருக்கும். காந்தம் கடக்கும்போதெல்லாம் சென்சார் ஒன்று கூட்டிக்கொள்ளும். அந்தச் சுற்றுக் கணக்கை, தயாரித்தவர்கள் உள்ளே பதிந்து வைத்த ஒரு எண்ணால் பெருக்கினால் திரையில் கிலோமீட்டர் வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

பெருக்கும் அந்த எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. ஒரு தயாரிப்பாளர் பெடலின் வீச்சை வைத்துக் கணக்குப் போடுவார். இன்னொருவர், இந்த வேகத்தில் மிதித்தால் ஓடுவது போலத் தோன்றுகிறது என்று ஒரு எண்ணை வைத்துவிடுவார். எண் பெரிதாக இருந்தால் வாடிக்கையாளர் மனம் குளிரும் என்ற எண்ணமும் எங்காவது இருக்கும் என்பது என் சந்தேகம். நிரூபிக்க என்னால் முடியாது.

உங்கள் மெஷின் எந்த எண்ணால் பெருக்குகிறது என்பதை பத்தே நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். சீராக மிதித்துக்கொண்டே இருங்கள். தூரம் 1.00 என்று மாறும் நொடியில் எண்ண ஆரம்பியுங்கள். வலது பெடல் கீழே வரும்போதெல்லாம் ஒன்று. 1.10 என்று மாறியதும் நிறுத்துங்கள். நான் எண்ணிப் பார்த்த ஒரு மெஷினில் 40 வந்தது. அதாவது 100 மீட்டருக்கு 40 சுற்று, ஒரு சுற்றுக்கு 2.5 மீட்டர். பிறகு இறங்கி, ஒரு அளவு நாடாவைத் தரையில் விரித்து, பெடல் முன்னால் போகும் எல்லைக்கும் பின்னால் வரும் எல்லைக்கும் நடுவே உள்ள நீளத்தை அளந்தேன். 50 செ.மீ. ஒரு சுற்றில் பாதம் முன்னே 50, பின்னே 50, ஆக ஒரு மீட்டர். பாதை நீள்வட்டம் என்பதால் மேலும் கீழும் போகிற கொஞ்சத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். எப்படிப் பார்த்தாலும் இரண்டரை மீட்டர் வராது.

அதே வரிசையில் நின்ற இன்னொரு மெஷினில் 100 மீட்டருக்கு 62 சுற்று. சுற்றுக்கு 1.6 மீட்டர் சொச்சம். ஒரே ஆள், ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 70 சுற்று என்று 20 நிமிடம் மிதித்தால் முதல் மெஷின் 3.5 கி.மீ. என்று சொல்லும், இரண்டாவது 2.3 கி.மீ. கூட எட்டாது. இதில் எது சரி என்று கேட்பதில் பொருளில்லை. இரண்டும் சுற்று எண்ணிக்கைதான், வேறு வேறு சட்டை போட்டிருக்கின்றன.

எண்ணும்போது இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். திரை கிலோமீட்டரில் இருக்கிறதா மைலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மைலில் இருந்தால் எல்லாமே 1.6 மடங்கு மாறிவிடும். அடுத்தது, நிமிடத்துக்கு 140 என்று காட்டினால் அது பெரும்பாலும் இரண்டு கால்களையும் தனித்தனியாக எண்ணியது. சுற்றுக் கணக்கில் அது 70.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சுற்றை மட்டும் எண்ணும் மெஷினில் ரெசிஸ்டன்ஸ் லெவலுக்கும் தூரத்துக்கும் சம்பந்தமே இல்லை. லெவல் 2ல் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தாலும், லெவல் 14ல் பல்லைக் கடித்துக்கொண்டு 70 சுற்று மிதித்தாலும், திரையில் ஒரே தூரம்தான் ஏறும். சந்தேகம் இருந்தால் வேகத்தை மாற்றாமல் லெவலை மட்டும் ஐந்து ஏற்றிப் பாருங்கள். மூச்சு வாங்கும், நாடித்துடிப்பு ஏறும், தூரம் ஏறும் வேகம் மட்டும் அசையாது. பல மெஷின்களில் பின்பக்கமாக மிதித்தாலும் தூரம் கூடிக்கொண்டேதான் போகும்.

ஓட்டம் அப்படி இல்லை. தட்டையான தரையில் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடை முழுவதையும் கால் தள்ளி எழுப்பி, சற்று நேரம் காற்றில் விட்டு, மறுபடி தாங்குகிறது. அதனால் ஒரு கிலோமீட்டர் ஓட ஆகும் சக்தி கிட்டத்தட்ட நிலையானது. தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோகலோரி. 60 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 60 கிலோகலோரி, மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் பெரிய வித்தியாசம் வராது. ஓட்டத்தில் கிலோமீட்டர் என்ற சொல்லுக்கு ஒரு எடை இருப்பது இதனால்தான். எலிப்டிகலில் உடம்பைப் பெடல் தாங்குகிறது. அங்கே ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு சக்தி என்று எதுவுமே கிடையாது, லெவலைப் பொறுத்து அது பாதியும் ஆகும், இரட்டிப்பும் ஆகும்.

"இரண்டு கிலோமீட்டர் எலிப்டிகல் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம்" என்று சிலர் எல்லாருக்கும் ஒரே சூத்திரம் கொடுப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருவது இதனால்தான். எந்த மெஷின், எந்த லெவல் என்று கேட்காத சூத்திரம் எதற்கு உதவும்?

அப்படியானால் ஒப்பிடவே முடியாதா? முடியும். தூரத்தை ஒதுக்கிவிட்டு நேரத்தையும் நாடித்துடிப்பையும் வைத்து ஒப்பிட வேண்டும். இதயத்துக்கு மெஷின் எது, மைதானம் எது என்ற கவலை அதிகம் இல்லை. ஒரே நாடித்துடிப்பில், ஒரே நேரம் உழைத்தால், உடம்பு இழுத்த ஆக்ஸிஜன் ஏறக்குறைய ஒன்றுதான்.

என் நண்பர் ஒருவருக்குப் போட்ட கணக்கை அப்படியே சொல்கிறேன். 400 மீட்டர் தடத்தின் உள் வளையத்தில் பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டார். அடுத்த 20 நிமிடம் நாடித்துடிப்பை 145ஐ ஒட்டியே வைத்து ஓடினார். ஏழரைச் சுற்று, சரியாக 3 கி.மீ. வேறொரு நாள், கால் சோர்வில்லாமல் இருந்தபோது, அந்த 2.5 மீட்டர் மெஷினில் அதே பத்து நிமிடச் சூடு, பிறகு லெவல் 8ல் அதே 145 துடிப்பில் 20 நிமிடம். மிதி வேகம் நிமிடத்துக்கு 70 சுற்றில் நின்றது. திரை காட்டியது 3.5 கி.மீ. மூன்றை மூன்றரையால் வகுத்தால் 0.86. அவருக்கு, அந்த மெஷினில், லெவல் 8ல், திரை எண்ணை 0.86ஆல் பெருக்கினால் ஓட்டக் கிலோமீட்டர் கிடைக்கும்.

லெவலை மாற்றியபோதுதான் வேடிக்கை. லெவல் 4ல் 145 துடிப்பைப் பிடிக்க அவர் 84 சுற்று மிதிக்க வேண்டியிருந்தது. திரை 4.2 கி.மீ. என்றது, விகிதம் 0.71. லெவல் 12ல் 58 சுற்றிலேயே 145 வந்துவிட்டது. திரை 2.9 கி.மீ.தான் காட்டியது, விகிதம் 1.03. மூன்று முறையும் இதயம் செய்த வேலை ஒன்றுதான். லெவல் 4 அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது, லெவல் 12 அவருக்குச் சேர வேண்டியதில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டது. 45 நிமிடத்தில் 10 கி.மீ. என்று வரும் படங்களில் பெரும்பாலானவை இப்படிக் குறைந்த லெவலில் வேகமாக மிதித்தவையாக இருக்கும் என்பது என் ஊகம். இந்த மெஷினில் அதற்கு நிமிடத்துக்கு 89 சுற்று வேண்டும், கனமான லெவலில் அதை முக்கால் மணி நேரம் தாக்குப்பிடிப்பவர்கள் குறைவு.

இந்தச் சோதனையைக் கெடுப்பவை சில உண்டு. கைப்பிடியில் உள்ள உலோகத் தகட்டைப் பிடித்து நாடி பார்க்காதீர்கள், கை அசையும்போது அது கண்டபடி எண் காட்டும். நெஞ்சில் கட்டும் பட்டைதான் நம்பகமானது. சூடான அறையில் நேரம் போகப்போக, உழைப்பு கூடாமலேயே துடிப்பு மெல்ல ஏறும். அதனால்தான் 20 நிமிடத்தோடு நிறுத்தச் சொல்கிறேன், மின்விசிறிக்கு நேராக நிற்கவும் சொல்கிறேன். கைப்பிடியில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு மிதித்தால் இன்னொரு கணக்கு வரும், எல்லா முறையும் ஒரே மாதிரி நில்லுங்கள். உங்கள் மெஷின் வாட் காட்டுமானால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மிதி வேகத்தோடு ரெசிஸ்டன்ஸையும் கணக்கில் எடுக்கும் எண் அது, தூரத்தைவிட எவ்வளவோ மேல்.

கலோரி எண்ணையும் இதே வழியில் உரசிப் பார்க்கலாம். நண்பரின் எடை 60 கிலோ. 3 கி.மீ. ஓட்டத்துக்கு இணையான உழைப்பு என்றால் 180 கிலோகலோரி அளவில் இருக்க வேண்டும். திரை 300ஐத் தாண்டிக் காட்டினால் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள்.

இவ்வளவு கணக்குப் போட்டு வரும் கிலோமீட்டரும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மட்டும்தான் செல்லும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் கால் வாங்கும் அடி உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. எலிப்டிகலில் பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லை, அந்த மோதல் அறவே கிடையாது. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வந்தவர்களை மருத்துவர்கள் எலிப்டிகலுக்கு அனுப்புவது இதற்காகத்தான். ஆனால் அதே காரணத்தால், எலும்பும் குதிகால் நாணும் அந்த வாரங்களில் ஓட்டப் பயிற்சி எதையும் பெறுவதில்லை.

வலிக்காக ஓட்டத்தை விட்டுவிட்டு எலிப்டிகலில் இருந்தவர்கள் திரும்ப வரும்போது தடுமாறுவது இந்த இடத்தில்தான். மூச்சு 8 கி.மீ. போகலாம் என்று சொல்லும், முன் எலும்பு மூன்றாவது கிலோமீட்டரிலேயே பேச ஆரம்பிக்கும். நண்பருடைய குறிப்பேட்டில் இப்போது இரண்டு பத்திகள். ஒன்றில் ஓடியதும் எலிப்டிகலில் மிதித்ததும் சேர்த்து மொத்த நிமிடங்களும் சராசரி துடிப்பும். இன்னொன்றில் தரையில் கால் பட்டு ஓடிய கிலோமீட்டர் மட்டும். அடுத்த வாரம் எவ்வளவு ஓடலாம் என்பதை இரண்டாவது பத்தியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார், ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று.